ஒரு கிலோமீற்றருக்கு ஒரு ரூபா என்று சொன்னோம், அது பிழை



இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஸ்கூட்டர் வாங்கப் போகிறவர்களும் ஏற்கனவே பற்றரி ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களும் ஆறுதலாக வாசியுங்கள். மற்றவர்கள் கடந்து போகலாம், குறை நினைக்கமாட்டோம்.

நாங்கள் இருவருமே ஆசிரியர்கள். பருத்தித்துறையில் வாடகை வீடு. பாடசாலைகள் நெல்லியடிப் பக்கம். எங்களில் ஒருவர் கணிதம் படிப்பிப்பவர், மற்றவர் ஆரம்பப் பிரிவு. வீட்டில் இரண்டு ஸ்கூட்டர் நிற்கிறது. ஒன்று பழைய 110 சிசி பெற்றோல் ஸ்கூட்டர். மற்றது 2022 செப்டெம்பரில் வாங்கிய பற்றரி ஸ்கூட்டர். அது ஏன் அந்த நேரத்தில் வாங்கப்பட்டது என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்த வருடம் ஜூன் கடைசியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. பிறகு கியூஆர் வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அந்த 4 லீற்றருக்காகப் பெற்றோல் செற்றில் நின்ற நேரத்தில் எத்தனை பாடக்குறிப்பு எழுதியிருப்போம்!

அப்படி வாங்கியதைப் பற்றி ஆசிரியர் அறையில் பெருமையாகப் பேசியதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். கூட வேலை செய்யும் டீச்சர் ஒருவர், மன்னாரில் இருந்து வந்து இங்கே அறை எடுத்து இருப்பவர், ஒருநாள் கேட்டார்: "சேர், கரண்டில ஓடினா ஒரு கிலோமீற்றருக்கு எவ்வளவு வரும்?" எங்களில் கணிதம் படிப்பிப்பவர் யோசிக்காமல் சொன்ன பதில், "ஒரு ரூபா, கூடிப்போனா ஒண்டேகால்." டீச்சர் அதை நம்பி 2024 தொடக்கத்தில் கடன் எடுத்து ஒன்றை வாங்கினார். 17 மாதத்தில் அவருடைய பற்றரி செத்தது. புதுப் பற்றரிக்கு 90,000 என்று கடையில் சொன்னபோது அவர் எங்களைத் திட்டவில்லை. "சேர், நீங்கள் இதைச் சொல்லேல்லையே" என்று மட்டும் கேட்டார். அது திட்டியதைவிட மோசம்.

அன்று இரவு கொப்பியை எடுத்துக்கொண்டு இருவரும் இருந்தோம். கொப்பி என்பது ஆரம்பப் பிரிவு டீச்சரின் வேலை. கல்வியியற் கல்லூரியில் செயல்நிலை ஆய்வுக்குப் பழகிய பழக்கம், வீட்டில் எது வந்தாலும் திகதி போட்டு ஒரு வரி எழுதுவார். பெற்றோல் அடித்தது, ஒயில் மாற்றியது, மீற்றர் வாசிப்பு எல்லாம் அதில் இருந்தது. பிழையான பதிலைச் சொன்னவர் மட்டும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

முதலில் பெற்றோல். எங்கள் ஓட்டம் மாதம் 600 கிலோமீற்றர் அளவில் வருகிறது. அப்படியென்றால் ஐந்து வருடத்துக்கு 36,000. தாங்கியை வாய்வரை நிரப்பி, ஓடி, திரும்ப வாய்வரை நிரப்பி அளந்ததில் லீற்றருக்கு 40 கிலோமீற்றர் கிடைக்கிறது. விளம்பரத்தில் இதைவிடக் கூடச் சொல்வார்கள். மந்திகைச் சந்தியிலும் நெல்லியடியிலும் நின்று நின்று போகிறவருக்கு 40தான். 2025இல் லீற்றர் 300 ரூபாவை ஒட்டி நின்றது, ஆகவே பெற்றோலுக்கு மட்டும் கிலோமீற்றருக்கு 7 ரூபா 50 சதம். இதில் ஒரு வசதி இருக்கிறது: 40 ஓடுகிற வண்டிக்கு, பெற்றோல் லீற்றருக்கு 40 ரூபா ஏறினால் உங்கள் கிலோமீற்றர் செலவு சரியாக ஒரு ரூபா ஏறும். 470 விற்ற காலத்தில் இதே வண்டி 11 ரூபா 75 சதத்துக்கு ஓடியிருக்கிறது.

3,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில், கூலியோடு 3,000 ரூபா. அது கிலோமீற்றருக்கு ஒரு ரூபா. பெல்ற், ரோலர், பிளக், எயார் பில்டர், காபரேற்றர் கழுவுவது எல்லாம் ஐந்து வருடத்துக்கு 27,000 என்று பிடித்தோம், அது 75 சதம். ரயரும் பிறேக்கும் இரண்டு வண்டிக்கும் பொது என்பதால் விட்டுவிட்டோம். மொத்தம் 9 ரூபா 25 சதம். ஐந்து வருடத்துக்கு 3,33,000 ரூபா.

இனிக் கரண்ட். நாங்கள் சறுக்கிய முதலாவது இடம் இது.

சுவரில் செருகும் சின்ன மீற்றர் ஒன்றைச் சார்ஜருக்கு முன்னால் போட்டு அளந்தோம். பற்றரிக்குள் போவதை அல்ல, சுவரில் இருந்து எடுப்பதைத்தான் அளக்க வேண்டும். ஈயப் பற்றரி ஏற்றும்போது ஒரு பங்கு சூடாகவே போய்விடுகிறது, அதற்கும் நாங்கள்தான் காசு கட்டுகிறோம். 100 கிலோமீற்றருக்கு சராசரி 4.5 யூனிற். சோளகம் அடிக்கிற மாதங்களில் எதிர்காற்றில் போனால் இது ஏறும். எங்கள் பக்கம் ஏற்றம் இறக்கம் இல்லாத தரை, அதனால்தான் இந்த அளவோடு நிற்கிறது. மாதம் 600 கிலோமீற்றருக்கு 27 யூனிற்.

அந்த 27 யூனிற்றுக்கு என்ன விலை? எங்கள் பழைய கணக்கு இதுதான்: பில்லில் நாங்கள் 91இலிருந்து 120 வரையான கட்டத்தில் நிற்கிறோம், அந்தக் கட்டத்தில் யூனிற் 24 ரூபா, 27ஐ 24ஆல் பெருக்கினால் 648, அதை 600ஆல் வகுத்தால் ஒரு ரூபா 8 சதம். அழகான விடை. பரீட்சையில் எழுதியிருந்தால் புள்ளி கிடைத்திருக்கும்.

ஆனால் ஸ்கூட்டர் எரிக்கும் கரண்ட் வீட்டுக் கரண்டுக்கு மேலேதான் போய் இருக்கிறது. 2025 ஜூனில் வந்த கட்டணத்தின்படி, மாதம் 60 யூனிற்றைத் தாண்டும் வீட்டுக்கு முதல் 60 யூனிற்றும் 12 ரூபா 75 சதம், 90 வரை 18 ரூபா 50 சதம், 120 வரை 24, 180 வரை 41, அதற்கு மேல் 61. இதோடு நிலையான கட்டணமும் கட்டத்துக்குக் கட்டம் ஏறியது: 91இலிருந்து 120 வரை 1,000 ரூபா, 121ஐத் தொட்டால் 1,500.

ஸ்கூட்டர் இல்லாமல் எங்கள் வீடு 100 யூனிற். கட்டணம் 1,560, நிலையான கட்டணம் 1,000, மொத்தம் 2,560. ஸ்கூட்டரோடு 127 யூனிற். கட்டணம் 2,327, நிலையான கட்டணம் 1,500, மொத்தம் 3,827. இரண்டுக்கும் வித்தியாசம் 1,267 ரூபா. அதுதான் ஸ்கூட்டரின் உண்மையான கரண்ட் செலவு, வரி சேர்க்காமல். கிலோமீற்றருக்கு 2 ரூபா 11 சதம். நாங்கள் டீச்சருக்குச் சொன்னதன் இரண்டு மடங்கு.

இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. 120க்கு மேலே போன அந்த 7 யூனிற்றுக்கு நாங்கள் கொடுத்தது 287 ரூபா கட்டணமும் 500 ரூபா நிலையான கட்டண ஏற்றமும். 787 ரூபா, யூனிற்றுக்கு 112 ரூபா! மற்ற 20 யூனிற்றும் 480 ரூபாவோடு முடிந்துவிட்டது. இப்போது மாதத்தின் 20ஆம் நாள் அளவில் மீற்றரை ஒருக்கால் பார்ப்போம். 80ஐத் தாண்டி நின்றால் அயன் பண்ணுவதையும் தண்ணி மோட்டரையும் கொஞ்சம் இழுத்துப் பிடிப்போம். ஏற்கனவே 200 யூனிற் எரிக்கிற, ஏசி போட்ட வீட்டுக்காரருக்கு இந்தத் தந்திரம் உதவாது. அந்தக் கட்டணத்தில் அவருக்கு 27 யூனிற்றும் 61 ரூபாப்படிதான், கிலோமீற்றர் 2 ரூபா 75 சதம்.

இரவில் சார்ஜ் போட்டால் மலிவு என்று சிலர் சொல்வார்கள். நேரத்துக்கு ஏற்ற கட்டணம் எடுத்தவர்களுக்கு அது சரி. எங்களைப் போலச் சாதாரண மீற்றர் வைத்திருப்பவருக்கு இரவும் பகலும் ஒரே எண்ணிக்கைதான்.

சரி, 2 ரூபா 11 சதம் என்றாலும் 7 ரூபா 50 சதத்துக்கு முன்னால் பெரிய லாபம்தானே என்று கேட்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். இரண்டாவது சறுக்கல் பற்றரி.

எங்கள் ஸ்கூட்டரின் கால் வைக்கும் பலகைக்குக் கீழே 12 வோல்ற், 20 ஆம்பியர்-மணி ஈயப் பற்றரிகள் ஆறு தொடராக இருக்கின்றன, மொத்தம் 72 வோல்ற். இங்கே ஓடுகிற விலை குறைந்த ஸ்கூட்டர்கள் பலவற்றில் இந்த மாதிரித்தான் இருக்கும். முதல் செற் 19 மாதம் ஓடியது, 11,400 கிலோமீற்றர். 2024 ஏப்ரலில் மாற்றினோம். விலை 90,000, பழைய ஈயத்துக்கு 12,000 கழித்தார்கள், கையில் இருந்து போனது 78,000. இதை 11,400ஆல் வகுத்துப் பாருங்கள்: கிலோமீற்றருக்கு 6 ரூபா 84 சதம். பெற்றோலுக்குக் கொடுக்கும் காசை ஒவ்வொரு நாளும் கொடுக்கிறோம், அதனால் உறைக்கிறது. பற்றரிக்காரன் 19 மாதம் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் வந்து வாசலில் நிற்கிறான்.

நியாயமாகப் பார்த்தால் முதல் செற் ஸ்கூட்டரின் விலையோடு வந்தது, அதை ஓட்டச் செலவில் சேர்க்கக்கூடாது. ஆகவே 36,000 கிலோமீற்றருக்கு நாங்கள் வாங்க வேண்டியது இன்னும் இரண்டு செற், 1,56,000. கரண்டுக்கு 76,000. வயர், கனெக்ரர், சார்ஜர் திருத்துவது என்று 18,000. கூட்டினால் 2,50,000 ரூபா, கிலோமீற்றருக்கு 6 ரூபா 94 சதம். பெற்றோலோடு ஒப்பிட்டால் ஐந்து வருடத்துக்கு 83,000 மிச்சம்.

ஆனால் மூன்று செற்றும் 34,200 கிலோமீற்றரில் முடிந்துவிடும். ஐந்தாம் வருடம் முடியுமுன்னரே செத்த பற்றரியோடு ஸ்கூட்டர் முற்றத்தில் நிற்கும். அதை எழுப்ப 78,000 வேண்டும். 83,000இல் இருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது 5,000 ரூபா. ஐந்து வருடத்துக்கு! எங்கள் மூன்று வருடக் கொப்பியும் மிச்சம் இரண்டு வருட மதிப்பீடும் சேர்ந்து சொல்வது இதுதான்: ஈயப் பற்றரியில் ஓடும் ஸ்கூட்டரும் 40 ஓடும் பெற்றோல் ஸ்கூட்டரும், 2025இன் பெற்றோல் விலையில், ஏறத்தாழ ஒரே செலவு. டீச்சரின் கதை இதிலும் மோசம். மாதம் 550 கிலோமீற்றர்ப்படி 17 மாதத்துக்கு 9,350 கிலோமீற்றர்தான் ஓடினார். அவருக்குப் பற்றரி மட்டும் கிலோமீற்றருக்கு 8 ரூபா 34 சதம், பெற்றோலின் 7 ரூபா 50 சதத்தைவிடக் கூட.

அவருடையது ஏன் முந்திச் செத்தது என்று பார்க்க ஸ்கூட்டரைத் தெரிந்த தம்பியிடம் கொண்டுபோனோம். அவர் பலகையைக் கழற்றி ஆறு பற்றரியையும் ஒவ்வொன்றாக மல்ரிமீற்றரில் பார்த்தார். ஐந்து 12.8, 12.9 என்று நின்றது. ஒன்று 12.2. பிறகு பின் சில்லைத் தூக்கிவைத்து, பிறேக்கை மெல்லப் பிடித்தபடி முறுக்கச் சொன்னார். மற்ற ஐந்தும் 12ஐ விட்டு இறங்கவில்லை, அந்த ஒன்று 10க்குக் கீழே விழுந்தது. "ஆறும் சாகேல்ல டீச்சர், ஒண்டுதான் செத்தது. ஆனா அது மற்ற அஞ்சையும் இழுத்துக்கொண்டு போகும்" என்றார். ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் என்ன என்று கேட்டோம். பழசுகள் முந்தி இறங்கும், சார்ஜருக்கு மொத்தம்தான் தெரியும், அதனால் சில மாதத்தில் அடுத்தது போகும் என்று சொன்னார். இதே அளவு பழசான, நல்ல நிலையில் உள்ள ஒன்று கிடைத்தால் கொஞ்சக் காலம் இழுக்கலாமாம்.

பற்றரி தேய்கிறது என்பதற்கு வண்டி முன்னரே சொல்லும். முறுக்கும்போது திரையில் கட்டைகள் விழுந்து, நிறுத்தியதும் திரும்ப ஏறினால் அது தொடக்கம். டீச்சருக்கு அது நாலு மாதமாக நடந்திருக்கிறது, அவர் திரை பழுது என்று நினைத்திருக்கிறார்.

காரணம்? டிசெம்பர் விடுமுறைக்கு மன்னாருக்குப் போகும்போது பாதிக்குமேல் இறங்கின பற்றரியோடு ஸ்கூட்டரைக் கொட்டிலில் விட்டுப் போயிருக்கிறார். ஐந்து கிழமை. ஈயப் பற்றரி இறங்கின நிலையில் கிடந்தால் தகட்டில் சல்பேற் படிந்து இறுகிவிடும், பிறகு எவ்வளவு ஏற்றினாலும் அந்தப் பகுதி வேலை செய்யாது. நிரப்பி வைத்துப் போயிருந்தால் இவ்வளவு தேய்ந்திராது. அதோடு கடல்காற்றில் இரண்டு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறி, அந்த இடம் சூடாகி வயர் உருகத் தொடங்கியிருந்தது. நாங்கள் மாதம் ஒருக்கால் முனைகளைத் துடைத்துக் கிறீஸ் பூசுகிறோம், ஓடி வந்த சூட்டோடு சார்ஜ் போடுவதில்லை, லீவுக்குப் போனால் நிரப்பிவிட்டுப் போகிறோம். இவை எங்களுக்குத் தெரியும். ஒரு ரூபாக் கணக்கைச் சொன்ன நாளில் இவற்றையும் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது டீச்சருக்கு முன்னால் இரண்டு வழி. திரும்ப ஈயம், 78,000. அல்லது லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி, சார்ஜரோடு 1,90,000 என்று சொன்னார்கள், மூன்று வருட உத்தரவாதம். இந்த வகை ஆயிரத்து ஐந்நூறு முறைக்கு மேல் ஏற்றி இறக்கத் தாங்கும், ஐந்து வருடம் பாடசாலைக்குப் போய்வரப் போதும். ஏற்றும்போது வீணாவதும் குறைவு. சுவரில் இருந்து 100 கிலோமீற்றருக்கு 3.6 யூனிற் என்று வைத்தால் அவருக்கு மாதம் 20 யூனிற். அவருடைய பில் 95, அதோடு 20 சேர்த்தால் 115, 120க்குள் நிற்கும். ஆகவே கரண்ட் 480 ரூபா, கிலோமீற்றருக்கு 87 சதம். ஐந்து வருடத்துக்கு அவர் ஓடுவது 33,000 கிலோமீற்றர், பற்றரி 5 ரூபா 76 சதம். சில்லறைத் திருத்தம் 50 சதம். மொத்தம் 7 ரூபா 13 சதம். பெற்றோலைவிட 2 ரூபா 12 சதம் குறைவு, ஐந்து வருடத்துக்கு 70,000 ரூபா அளவில் மிச்சம். ஐந்து வருடத்தின் பின்னும் பற்றரி உயிரோடு இருந்தால் அதற்குப் பிறகு ஓடுவதெல்லாம் கரண்ட் காசுதான்.

லிதியம் போடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஈயப் பற்றரியின் பழைய சார்ஜரைக் காசு மிச்சம் பிடிக்க வைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் நிரப்புகிற முறை வேறு. பற்றரிக்கு உரிய சார்ஜரைத்தான் போட வேண்டும்.

பெற்றோல் ஸ்கூட்டரை நாங்கள் விற்கவில்லை. ஐந்து சந்தியில் உம்மா இருக்கிறார். யாழ்ப்பாணம் போய்வர 70 கிலோமீற்றர், எங்கள் ஈயப் பற்றரி புதிதாக இருந்த காலத்திலேயே 50க்கு மேல் நம்பி ஓடியதில்லை. விற்கும்போதும் பெற்றோல் வண்டிக்கு ஒரு விலை வரும், பற்றரி வண்டிக்கு வருகிறவர் முதலில் கேட்பது "பற்றரி எப்ப மாத்தினது?" என்பதுதான்.

1,90,000 டீச்சரிடம் இல்லை, பழைய கடனே இன்னும் முடியவில்லை. ஆசிரியர் அறையில் பத்துப் பேர் சேர்ந்து பிடிக்கும் சீட்டில் ஓகஸ்ட் மாதம் எங்கள் முறை. அதை அவருக்கு மாற்றிக் கொடுத்தோம், அவருடைய பெப்ரவரி முறையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். மிச்சத்தை அவர் தமையன் கொடுத்தார். வட்டி கிடையாது, பேச்சும் கிடையாது.

லிதியம் போட்டு முதல் முழு மாதப் பில் போன கிழமை வந்தது. 117 யூனிற். பில்லைப் படம் எடுத்து அனுப்பி, கீழே "சேர், மூண்டு யூனிற் மிச்சம்" என்று எழுதியிருந்தார். எங்கள் இரண்டாவது செற்றுக்கு இப்போது 18 மாதம். நேற்றுப் பார்த்ததில் நாலாவது பற்றரி 12.4.

உங்கள் வண்டியின் செற் எத்தனை மாதம், எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று கீழே எழுதுங்கள். அந்த இரண்டு எண்ணும் பற்றரிக்குக் கொடுத்த விலையும் போதும், கொப்பியில் சேர்த்துக்கொள்கிறோம்.